கலவா மீனின் வாயில் பிதுங்கி நிற்பது எது?

கன்னியாகுமரிக்குத் தெற்கே, பாறைகள் நிறைந்த ஆழ்கடலில் தூண்டில் போடுபவர்கள் கலவா மீனை மேலே இழுக்கும்போது அதன் வயிறு உப்பியிருக்கும். கண்கள் வெளியே தள்ளியிருக்கும். வாயை அடைத்துக்கொண்டு ஒரு சதைப்பை பிதுங்கி நிற்கும். அதைக் காற்றுப்பை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மீனின் இரைப்பை. அதை வாய் வரை தள்ளியதுதான் காற்றுப்பை.

மீனின் சதையும் எலும்பும் தண்ணீரைவிடக் கனமானவை. உடலின் இருபக்கத் தசைகளும் மாறிமாறிச் சுருங்கி, வால் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ள, மீன் முன்னே போகிறது. ஆனால் மூழ்காமல் இருப்பதற்காகவே ஓயாமல் நீந்தினால் தின்ற இரையெல்லாம் அதற்கே செலவாகிவிடும். அந்தச் செலவை மிச்சப்படுத்துவது முதுகெலும்புக்குக் கீழே உள்ள காற்றுப்பை. கடல்மீனின் உடல் பருமனில் அது சுமார் 5 சதவீதம் இருக்கும். அது இருப்பதால் கலவா பாறையிடுக்கில் அசையாமல் நின்று இரைக்குக் காத்திருக்க முடிகிறது. காற்றுப்பை இல்லாத நெய்மீன் நீந்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கலவாவின் பைக்கும் தொண்டைக்கும் இடையே வழி கிடையாது. செவுள் வழியாக ரத்தத்தில் சேரும் ஆக்சிஜன்தான் சுரப்பி ஒன்றின் மூலம் பைக்குள் போகிறது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லி ஆக்சிஜன் உண்டு. கடல்நீரில் 5 மில்லி அளவே. அந்தச் சிறிதளவையும் பிடிக்க, செவுள் இழைகளில் தண்ணீர் ஒரு திசையிலும் ரத்தம் எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. அதனால் கடைசி வரை தண்ணீரைவிட ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவாகவே இருந்து, தண்ணீரில் உள்ளதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. பையை நிரப்பவும் குறைக்கவும் ரத்தம் ஒன்றே வழி என்பதால் அதற்குப் பல மணி நேரம் ஆகும்.

90 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல 10 மடங்கு. அங்கிருந்து சில நிமிடங்களில் இழுத்தால் பைக்குள் இருக்கும் வாயு 10 மடங்கு விரியப் பார்க்கும். உடலில் 5 சதவீதமாக இருந்தது 50 சதவீத இடம் கேட்கும். பை கிழிந்து வாயு வயிற்றுக்குள் பரவுகிறது. இரைப்பை வாய் வழியே வெளியேறுகிறது. படகின் மேல்தளத்தில் தண்ணீரின் தாங்கல் இல்லாமல் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது.

சிறிய மீன் என்று அதைக் கடலில் விட்டாலும், வயிறு மேலே தெரிய மிதந்து பறவைக்கு இரையாகிவிடும். பிதுங்கிய இரைப்பையை ஊசியால் குத்தக் கூடாது. அது காயத்தைக் கூட்டுவதுதான். எடை கட்டிய கயிற்றில் மாட்டி, ஆழத்தில் கழன்றுகொள்ளும்படி உடனே இறக்குவது நல்லது. 30 மீட்டர் போனாலே 10 மடங்காக விரிந்த வாயு இரண்டரை மடங்காகச் சுருங்கிவிடும். பிறகு மீன் தானாகவே கீழே நீந்திப் போக முடியும். கிழிந்த பை பெரும்பாலும் ஆறிவிடும். படகில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.