புகைப்பழக்கத்தைக் கைவிட மின்சிகரெட்: மருத்துவச் சோதனைகள் காட்டுவது

மின்சிகரெட் அல்லது வேப் என்பது நிகோட்டின் கலந்த திரவத்தை மின்கலத்தின் சூட்டால் ஆவியாக்கி உள்ளிழுக்கச் செய்யும் கருவி. இதில் புகையிலை எரிவதில்லை. புகைப்பழக்கத்தை விட உதவும் பழைய வழிகள் இரண்டு. ஒன்று நிகோட்டின் மாற்று மருத்துவம்: தோலில் ஒட்டும் பட்டை (பேட்ச்), மெல்லும் கம், வாய்த் தெளிப்பான் போன்றவை. மற்றது ஆலோசனை: பயிற்சி பெற்ற ஒருவர் வாரந்தோறும் சந்தித்தோ தொலைபேசியிலோ பேசித் துணைநிற்பது. இவற்றோடு ஒப்பிட்டால் மின்சிகரெட் எந்த அளவுக்கு உதவுகிறது என்ற கேள்விக்கு 2013 முதல் சில பெரிய சோதனைகள் விடை தேடியுள்ளன. விடை இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. சிகரெட்டை விட்டவர்கள் மின்சிகரெட் குழுவில் அதிகம். நிகோட்டினை விட்டவர்கள் அந்தக் குழுவில் குறைவு.

முதல் ஒப்பீடு

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் புல்லன் குழுவினர் 2013இல் லான்செட் இதழில் வெளியிட்ட சோதனையில் 657 பேர் கலந்துகொண்டனர். நிகோட்டின் உள்ள மின்சிகரெட், 21 மில்லிகிராம் பட்டை, நிகோட்டின் இல்லாத மின்சிகரெட் என மூன்று குழுக்கள். ஆறு மாதம் கழித்துப் புகைக்காமல் இருந்தவர்கள் முறையே 7.3%, 5.8%, 4.1%. வேறுபாடு சிறியது, தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாத அளவுக்குச் சிறியது.

இந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயங்கக் காரணங்கள் உண்டு. அப்போதைய கருவிகள் சிகரெட்டைவிட மிகக் குறைந்த நிகோட்டினையே உடலுக்குத் தந்தன. ஆலோசனையோ பெரும்பாலும் தொலைபேசியோடு நின்றது. மின்சிகரெட் வீட்டுக்கே அனுப்பப்பட்டது. பட்டைக்கு ஓர் அட்டை மட்டும் அனுப்பப்பட்டது, அதைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். கடை வரை நடக்கவேண்டிய அந்தச் சிறு தொல்லைகூட ஒரு குழுவைப் பின்தள்ளக்கூடும்.

பிரித்தானியச் சோதனை

இந்தக் குறைகளில் பலவற்றை நீக்கியது லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹாயெக் தலைமையில் நடந்த சோதனை. 2019இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. பிரித்தானிய அரசு மருத்துவச் சேவையின் புகை நிறுத்த நிலையங்களுக்குத் தாமாக வந்த 886 பேரைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். இரு முறைகளில் ஏதேனும் ஒன்றின்மேல் முன்பே உறுதியான விருப்போ வெறுப்போ உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை.

ஒரு குழுவினர் பட்டை, கம், தெளிப்பான் என விரும்பியதை மூன்று மாதம் வரை பெறலாம். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தும் பயன்படுத்தலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்தனர். ஆகவே இங்கே எதிர்த்தரப்பு வெறும் பட்டை அன்று, பழைய மருத்துவத்தின் வலுவான வடிவம். மற்றக் குழுவுக்குத் திரவம் நிரப்பிக்கொள்ளும் கருவி ஒன்றும், மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம் நிகோட்டின் உள்ள ஒரு புட்டித் திரவமும் தரப்பட்டன. அது தீர்ந்ததும் பிடித்த சுவையிலும் வலிமையிலும் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இரு குழுவுக்கும் குறைந்தது நான்கு வாரங்கள், வாரம் ஒருமுறை ஆலோசனை நடந்தது. இரு பக்கமும் ஆலோசனை ஒன்றே என்பதால், முடிவில் தெரியும் வேறுபாட்டைக் கருவியின் கணக்கில் வைக்க முடிகிறது.

ஓர் ஆண்டு கழித்து யாரை 'விட்டவர்' என்று எண்ணினார்கள் என்பது முக்கியம். வாயால் சொன்னால் போதாது. மூச்சை ஊதச் சொல்லி அதில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளந்தார்கள். எதையாவது எரித்துப் புகைப்பவரின் மூச்சில்தான் அது கூடுதலாக இருக்கும். மின்சிகரெட் பயன்படுத்துபவரின் மூச்சில் கூடாது. சோதனைக்கு வராமல் போனவர்கள் எல்லோரும் மீண்டும் புகைப்பவர்களாகவே கணக்கிடப்பட்டனர். கடுமையான விதிதான். ஆனால் வெற்றி பெற்றவர் வருவார், தோற்றவர் தலைமறைவாவார் என்பது இத்தகைய நிலையங்களில் வழக்கம் என்பதால் அந்தக் கடுமை தேவைப்படுகிறது.

மின்சிகரெட் குழுவில் 438 பேரில் 79 பேர், அதாவது 18.0% பேர், ஓராண்டு புகைக்காமல் இருந்தனர். பட்டை, கம் குழுவில் 446 பேரில் 44 பேர், 9.9%. 'ஏறக்குறைய இருமடங்கு' என்று செய்திகள் எழுதியது இதைத்தான். அதே எண்களை வேறு விதமாகவும் சொல்லலாம். இடைவெளி நூற்றுக்கு எட்டு. பன்னிரண்டு பேருக்குப் பட்டைக்குப் பதில் மின்சிகரெட் கொடுத்தால் கூடுதலாக ஒருவர் சிகரெட்டை விடுகிறார். இந்தக் குழுவிலும் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஓராண்டு முடிவில் வெற்றி பெற்றவர் கணக்கில் வரவில்லை. இரண்டு கூற்றுகளும் உண்மை. முதலாவதை மட்டும் கேட்டவர் கருவியின் திறனை மிகையாக மதிப்பிட்டுவிடுவார்.

ஏன் இந்த வேறுபாடு? பட்டை நிகோட்டினை மெதுவாக, நாள் முழுதும் ஒரே சீராகத் தோல் வழியே விடுகிறது. சிகரெட்டுக்குப் பழகிய மூளை எதிர்பார்ப்பது அதுவன்று. இழுத்த சில நொடிகளில் வந்து தாக்கும் அளவு. மின்சிகரெட் அதற்கு நெருக்கமாக வருகிறது. கையில் பிடிப்பது, இழுப்பது, ஊதுவது ஆகிய பழக்கங்களையும் அது விட்டுவைக்கிறது. இந்தச் சோதனையில் முதல் வாரங்களில் புகைக்கும் ஏக்கம் மின்சிகரெட் குழுவில் குறைவாக இருந்ததும் இதோடு பொருந்துகிறது.

மறுபக்கக் கணக்கு

வெற்றிக்கு உதவிய அதே பண்பு இன்னொரு விளைவையும் தந்தது. ஓராண்டு முடிவில் சிகரெட்டை விட்டிருந்த 79 பேரில் 63 பேர், அதாவது 80%, இன்னும் மின்சிகரெட்டைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். மற்றக் குழுவில் விட்டிருந்த 44 பேரில் 4 பேர் மட்டுமே நிகோட்டின் மாற்றைத் தொடர்ந்தனர்.

கழித்துப் பார்த்தால் படம் மாறுகிறது. சிகரெட்டையும் விட்டு, தமக்குக் கொடுக்கப்பட்ட பொருளையும் விட்டவர்கள் மின்சிகரெட் குழுவில் 16 பேர், பட்டை, கம் குழுவில் 40 பேர். அதாவது ஏறக்குறைய 4 சதவீதமும் 9 சதவீதமும். பின்னவர்களில் சிலர் தாமாக வேறு நிகோட்டின் பொருளுக்குப் போயிருக்கலாம் என்பதால் இதைத் துல்லியமான ஒப்பீடாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் திசை தெளிவு.

இதை எப்படி மதிப்பிடுவது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. புகையிலை எரிவதால் வரும் தார், கார்பன் மோனாக்சைடு ஆகியவையே புற்றுநோய்க்கும் இதய, நுரையீரல் நோய்களுக்கும் பெருங்காரணம்; அவை நீங்கினால் நிகோட்டின் தொடர்வது சிறிய விலை என்பது ஒரு தரப்பு. ஓர் அடிமைத்தனத்தை இன்னொன்றால் மாற்றுவது சிகிச்சை ஆகாது என்பது மற்றத் தரப்பு. சோதனை எண்களைக் கொடுக்கும். எந்த வெற்றியை வெற்றி என்பது என்று அது சொல்லாது.

ஆலோசனை மட்டும் போதுமா?

சுவிட்சர்லாந்தில் ரேட்டோ அவர் தலைமையில் 1,246 பேரிடம் நடந்து, 2024இல் அதே அமெரிக்க இதழில் வெளியான சோதனை இதைப் பார்த்தது. இரு குழுவுக்கும் வழக்கமான ஆலோசனை. ஒரு குழுவுக்கு அதோடு மின்சிகரெட்டும் திரவமும் இலவசம். மற்றக் குழுவுக்கு எதற்கு வேண்டுமானாலும் செலவிடக்கூடிய ஒரு பணச்சீட்டு. விரும்பினால் பட்டை வாங்கலாம். எனவே இது பட்டையோடு நேர் ஒப்பீடு அன்று, ஆலோசனையோடு மின்சிகரெட்டைச் சேர்ப்பதால் வரும் பயனின் அளவீடு.

ஆறு மாதம் தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள் 28.9%. ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 16.3%. இங்கு உறுதிசெய்ய சிறுநீரில் அனபசின் என்ற பொருளைத் தேடினார்கள். நிகோட்டினின் எச்சத்தைத் தேடினால் மின்சிகரெட் பயன்படுத்துபவரும் பட்டை ஒட்டியவரும் புகைப்பவர்போலவே தெரிவார்கள். அனபசின் புகையிலை இலையிலிருந்து வருவது என்பதால் அந்தக் குழப்பத்தைக் குறைக்கிறது. மறுபக்கக் கணக்கும் பிரித்தானியாவில் கண்டது போலவே வந்தது. ஆறாம் மாதத்தில் எந்த வடிவிலும் நிகோட்டின் இல்லாமல் இருந்தவர்கள் மின்சிகரெட் குழுவில் 20.1%, ஆலோசனைக் குழுவில் 33.7%.

ஆலோசனையைக் குறைத்து மதிப்பிட இது இடம் தராது. பிரித்தானியாவிலும் சுவிட்சர்லாந்திலும் மின்சிகரெட் தனியாகச் சோதிக்கப்படவில்லை. ஆலோசனையின் மேல் வைத்தே சோதிக்கப்பட்டது. அமெரிக்காவில் 2018இல் வெளியான ஒரு சோதனையில், நிறுவனங்களின் ஊழியர்களுக்கு அவர்கள் கேட்காமலே இலவசமாக மின்சிகரெட் வழங்க முன்வந்தபோது, ஆறு மாதம் புகையை விட்டவர்கள் 1% மட்டுமே. விடவேண்டும் என்று தாமாக வந்தவருக்கும் கேட்காமலே கருவி வழங்க முன்வரப்பட்டவருக்கும் உள்ள தூரம் அது.

முடிவுகளின் எல்லை

உலகெங்கும் நடந்த இத்தகைய சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, நிகோட்டின் உள்ள மின்சிகரெட் நிகோட்டின் மாற்று மருத்துவத்தைவிடக் கூடுதல் பேரைப் புகையிலிருந்து விடுவிக்கிறது என்பதற்கு உயர் நம்பகச் சான்று இருப்பதாக 2022இல் அறிவித்தது. அது மதிப்பிடும் கூடுதல் பயன் நூறு பேருக்குச் சுமார் நான்கு பேர். பிரித்தானியச் சோதனையின் எட்டைவிட இது குறைவு.

பக்கவிளைவுகளில் தொண்டை, வாய் எரிச்சல் மின்சிகரெட் குழுவில் கூடுதல். குமட்டல் மற்றக் குழுவில் கூடுதல். ஆனால் இந்தச் சோதனைகள் ஆறு மாதமோ ஓராண்டோ நீடித்தவை. இருபது ஆண்டு கழித்து வரும் நோயை அவற்றில் காண வழியில்லை. யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதைப் பங்கேற்பாளரிடம் மறைக்கவும் முடியாது. பட்டைதான் கிடைத்தது என்று மனம் சோர்ந்தவர் முயற்சியைக் குறைத்திருக்கலாம். முன்பு புகைக்காத இளைஞர் மின்சிகரெட்டைத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது இந்தச் சோதனைகள் கேட்காத கேள்வி. அவற்றில் சேர்ந்தவர்கள் அனைவரும் ஏற்கெனவே புகைத்த பெரியவர்கள்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றைத் தடை செய்கிறது. ஆகவே இங்கே சட்டப்படி கிடைப்பவை பட்டை, கம், மருந்துகள், ஆலோசனை ஆகியவையே. பிரித்தானிய நிலையத்தில் கொடுத்தது, அந்நாட்டு விதிகளின்படி நிகோட்டின் அளவு வரையறுக்கப்பட்ட பொருள். தடையை மீறி விற்கப்படும் ஒரு கருவியின் திரவத்தில் எவ்வளவு நிகோட்டின் உள்ளது, வேறென்ன கலந்துள்ளது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அங்கே கிடைத்த 18 சதவீதத்தை அந்தக் கருவிக்குப் பொருத்திச் சொல்ல முடியாது. அந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் சிகரெட் புகைத்தவர்கள் என்பதால், வாயில் அடக்கும் புகையிலைக்கும் அவற்றிலிருந்து விடை எடுக்க முடியாது.