நான்காம் வகுப்பு முடித்தவள் அங்கே இயர் 6

மதுரையில் நான்காம் வகுப்பு முடித்த ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். பிறந்த நாள் 2015 ஆகஸ்ட் 20. 2025 கோடை விடுமுறையில் அவள் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்கிறது. கையில் இருப்பது தமிழில் எழுதிய மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி.

மொழிபெயர்க்கும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘நான்காம் வகுப்பு’ என்பதை ‘இயர் 4’ என்று எழுதிவிடுகிறார்கள். அது மொழிபெயர்ப்பு அல்ல, மதிப்பீடு. ‘ஸ்டாண்டர்டு 4’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஐந்தாம் வகுப்புக்கு உயர்வு பெறத் தகுதி உண்டு’ என்ற வரியையும் முத்திரையிலுள்ள வாசகத்தையும் விட்டுவிடக் கூடாது. டி.சி.யில் தலைப்பெழுத்தும் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரும் இருந்தால், மொழிபெயர்ப்பாளர் பெயரைத் தாமாக விரித்து எழுதாமல், டி.சி.யில் உள்ளபடியே எழுத வேண்டும். இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்பதைப் பெற்றோர் தனியாகப் பள்ளிக்கு விளக்கலாம். இறுதியில், இது மூலத்துக்கு உண்மையான, துல்லியமான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழியோடு மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும்.

இனி வகுப்பு. சிறுமி ஐந்தாம் வகுப்புக்குத் தகுதி பெற்றவள் என்பதால் இயர் 5 கிடைக்கும் என்றே பெற்றோர் நினைப்பார்கள். ஆனால் இங்கிலாந்துப் பள்ளிகள் பொதுவாக வயதைத்தான் பார்க்கின்றன. கணக்கு எளிது: கல்வியாண்டு தொடங்குவதற்கு முந்தைய நாளான ஆகஸ்ட் 31 அன்று நிறைவடைந்த வயதிலிருந்து நான்கைக் கழித்தால் வகுப்பு வந்துவிடும். 2025 ஆகஸ்ட் 31 அன்று இவளுக்குப் பத்து வயது முடிந்திருக்கிறது. ஆகவே இயர் 6.

இவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழி செப்டம்பர் 3 அன்று பிறந்தவளாக இருந்தால்? ஆகஸ்ட் 31 அன்று அவளுக்கு ஒன்பது வயதுதான். அவளுக்கு இயர் 5. இருவருடைய டி.சி.யிலும் அதே நான்காம் வகுப்புதான். இரண்டு வார இடைவெளி ஓராண்டாகிவிடுகிறது. எனவே டி.சி.யில் அங்கே முதலில் கண் போகும் வரி, வகுப்பு அல்ல, பிறந்த தேதி. அது பாஸ்போர்ட்டோடும் பிறப்புச் சான்றிதழோடும் பொருந்துகிறதா என்று ஊரிலேயே சரிபார்த்து, தவறிருந்தால் பள்ளியில் திருத்தி வாங்கிவிட வேண்டும்.

இயர் 6 என்பது அங்கே தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டு. மே மாதத்தில் தேசியத் தேர்வு. அடுத்த செப்டம்பரில் சேரவேண்டிய உயர்நிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31-க்குள் உள்ளாட்சி மன்றத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். தாமதமாக வரும் விண்ணப்பங்கள் பொதுவாக உரிய நேரத்தில் வந்தவற்றுக்குப் பிறகே பார்க்கப்படும். இயர் 5 என்று நம்பி இறங்கிய குடும்பத்துக்கு இந்த நாள் தெரியாமலே கடந்துவிடக்கூடும்.

ஒரு வகுப்பு கீழே சேர்க்கும்படி பெற்றோர் கேட்கலாம். ஆனால் முடிவு சேர்க்கையைத் தீர்மானிக்கும் அமைப்பின் கையில். அந்த வேண்டுகோளுக்குத் துணையாக நிற்பது திருத்தி எழுதிய ‘இயர் 4’ அல்ல. குழந்தை எந்தப் பாடத்தில் எதுவரை படித்திருக்கிறாள் என்று காட்டும் மதிப்பெண் அட்டையும் நோட்டுப் புத்தகங்களுமே.