உலை குதிக்காது

எஃகு உதிரிபாகங்களைக் கடினப்படுத்தும் மின் உலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கன்ட்ரோலரில் 850 டிகிரி செல்சியஸ் வைத்திருக்கிறார்கள். 848, 851 என்று அமைதியாக நின்ற எண் திடீரென 1,010 ஆகிறது. அடுத்த நொடி 790. பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபடி 850. சென்சார் போய்விட்டது, புதிய தெர்மோகப்பிள் வாங்கி மாட்டுங்கள் என்பதுதான் இந்த நேரத்தில் முதலில் எழும் குரல். அந்தக் குரலை உடனே நம்பக் கூடாது. கெட்டுப்போகும் சென்சார் வழக்கமாக இப்படிக் குதிப்பதில்லை. அது சத்தம் போடாமல் பொய் சொல்லும். குதிப்பைக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கம்பி செல்லும் வழியைத்தான். எந்த இடம் என்பதை அந்தக் குதிப்பின் வடிவமே பெருமளவு காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். திரையில் ஓடிய எண்கள் உலையின் வெப்பநிலையாக இருக்கவே முடியாது. செங்கல் சுவரும் எஃகும் நிறைந்த உலை நிமிடத்துக்குப் பத்து டிகிரி ஏறினாலே வேகம்தான். அதோடு தெர்மோகப்பிள் ஒரு பீங்கான் உறைக்குள் இருக்கிறது. உலையே ஒரு நொடியில் 160 டிகிரி ஏறிவிட்டதாக வைத்துக்கொண்டாலும், உறையைத் தாண்டி அந்தச் சூடு முனைக்கு வந்துசேரப் பல பத்து நொடிகள் ஆகும். ஆகவே அந்த எண் வெப்பத்திலிருந்து வரவில்லை, மின்சாரத்திலிருந்து வந்தது. அதற்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டிருக்கும்? உலைகளில் பரவலாகப் பயன்படும் கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்தான் தருகிறது. 850 டிகிரியில் மொத்தமே 35 மில்லிவோல்ட் அளவு. வெளியிலிருந்து ஒரு மில்லிவோல்ட் உள்ளே புகுந்தால் திரையில் 24 டிகிரி மாறிவிடும். பக்கத்திலேயே 415 வோல்ட்டில் ஹீட்டர் கம்பிகள் ஓடுகின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஹீட்டர் கம்பிகள் ஓடும் அதே தட்டில் தெர்மோகப்பிளின் காம்பன்சேட்டிங் கேபிளையும் போட்டிருந்தால், காண்டாக்டர் இணையும்போதும் விலகும்போதும் எழும் மின்காந்தத் துள்ளல் அதற்குள் நுழையும். இந்த மின் இரைச்சலுக்கென்று ஒரு நடை உண்டு. அது இரு பக்கமும் போகும், 1,010-க்கும் 790-க்கும் போனதைப் போல. ஹீட்டர் அடிக்கும் தாளத்தோடு சேர்ந்தே வரும். வந்த வேகத்திலேயே மறையும்.

தளர்ந்த இணைப்பின் நடை வேறு. இதைப் புரிந்துகொள்ள கன்ட்ரோலர் செய்யும் ஒரு சிறு தந்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெர்மோகப்பிள் அறுந்துவிட்டால் எண் கீழே விழுவது ஆபத்து. உலை குளிர்ந்துவிட்டது என்று நினைத்துக் கன்ட்ரோலர் ஹீட்டரை முழு மூச்சில் ஓட்டும். அதனால் பெரும்பாலான கருவிகள் கம்பி வழியே மிக நுண்ணிய மின்னோட்டம் ஒன்றை எப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கும். கம்பி முழுதாக இருக்கும்வரை அதன் விளைவு கண்ணுக்குத் தெரியாது. கம்பி பிரிந்த கணத்தில் அது உள்ளீட்டை மேல் எல்லைக்கு இழுத்துவிடும், ஹீட்டரும் நிற்கும். இன்னொரு பக்கம், கன்ட்ரோலரின் உள்ளீட்டுத் தடை மிக அதிகம் என்பதால், துருப்பிடித்த திருகில் சில ஓம் தடை கூடினாலும் எண் மாறாது. ஆக, தளர்ந்த இணைப்பு தொட்டுக்கொண்டிருக்கும்வரை சரியாகவே காட்டும். விட்டுப்போன நொடியில் எண் மேல்நோக்கி மட்டும் ஓடும், மறுபடி தொட்டதும் இறங்கும். அறுந்தால் கீழே இறங்கும்படி அமைக்கப்பட்ட கன்ட்ரோலர்களும் உண்டு என்பதால், நம்முடையது எந்தப் பக்கம் என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. காண்டாக்டர் படீரென்று அடிக்கும்போது பலகையே அதிரும், தளர்ந்த திருகும் அந்த நேரத்தில்தான் விடும். அப்படியானால் தாளம் ஒத்துப்போவதை வைத்து மட்டும் இரைச்சல் என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்க வேண்டும். உலை சூடாக இருக்கும்போதே ஹீட்டருக்கு மின்சாரம் தரும் எம்.சி.பி.யை மட்டும் இறக்கிவிட்டு, காண்டாக்டரை வழக்கம்போல அடிக்க விடலாம். இப்போது அதிர்வு உண்டு, ஹீட்டர் மின்னோட்டம் இல்லை. நம் உலையில் இதைச் செய்ததும் 790 போன்ற கீழ்நோக்கிய விழுதல்கள் நின்றுவிடுகின்றன, மேல்நோக்கிய ஏற்றம் மட்டும் அவ்வப்போது தொடர்கிறது என்று வையுங்கள். அப்படியானால் இரண்டு கோளாறுகள் ஒன்றாக இருக்கின்றன. இரைச்சலுக்கு மருந்து கேபிளை மின்கம்பிகளிடமிருந்து விலக்கித் தனி வழியில், முறுக்கிய, கவசமிட்ட வகையாகக் கொண்டுபோவது. காண்டாக்டரின் காயில் எழுப்பும் துள்ளலும் சிறு இரைச்சல் தரலாம். அதற்குக் காயிலின் குறுக்கே ஒரு ஸ்னப்பர் போதும்.

மீதமிருக்கும் ஏற்றத்தைத் தேட, எம்.சி.பி. இறங்கியபடியே இருக்க, தெர்மோகப்பிள் தலையின் மூடியைத் திறந்து இரு டெர்மினல்களையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைக்க வேண்டும். எம்.சி.பி.யை ஏன் ஏற்றக் கூடாதென்றால், இப்போது கன்ட்ரோலர் பார்ப்பது தலையின் வெப்பநிலையை மட்டுமே. உதாரணமாக 60 டிகிரி என்று படித்துவிட்டு அது ஹீட்டரை இடைவிடாமல் எரிக்கும். திரை 60-ல் அசையாமல் நின்றால் கேபிளும் கன்ட்ரோலரும் நல்லவை. கோளாறு தலையின் திருகிலோ அதற்கு அப்பால் உலைக்குள்ளோ இருக்கிறது. துண்டுக் கம்பியை எடுத்து, முனைகளைச் சுரண்டித் திருகை இறுக்கியதும் ஏற்றம் நின்றுவிட்டால் வேலை முடிந்தது. நிற்காமல், அதுவும் சூட்டில் மட்டும் வந்தால், உள்ளே கம்பி விரிசல் விட்டிருக்கிறது: ஆறும்போது ஒட்டி, சூடேறும்போது பிரிகிறது. இதை ஓம் மீட்டரால் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சூடான தெர்மோகப்பிளின் மில்லிவோல்ட்டே அளவைக் கெடுத்துவிடும். மீட்டர் முனைகளை மாற்றி இருமுறை அளந்து சராசரி எடுத்தால்தான் உண்மையான தடை தெரியும்.

புதுச் சென்சார் மாட்டியதும் குதிப்பு நின்றதே என்று கேட்கலாம். நிற்கும்தான். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுபவர் திருகுகளையும் சுத்தம் செய்து இறுக்கியிருப்பார். பெயர் மட்டும் சென்சாருக்குப் போகும். கன்ட்ரோலரிலேயே ஃபில்டர் நேரத்தைக் கூட்டி எண்ணை நிதானப்படுத்தலாமே என்ற யோசனையும் உண்டு. இரைச்சலுக்கு அது ஓரளவு நியாயம். மேலும் கீழும் போவது சராசரியில் கரைந்துவிடும். தளர்ந்த இணைப்புக்கு அது கேடு. மேலே மட்டும் போகும் எண்ணைச் சராசரி எடுத்தால் திரை 850 என்று நிதானமாகக் காட்டும்போது உலை 835-ல் இருக்கும், எஃகு அரைகுறையாகக் கடினமாகும்.

மெய்யாகவே வயதான சென்சார் செய்வது இதற்கு நேர்மாறானது. ஆக்சிஜன் குறைந்த குறுகலான உறைக்குள், 800 முதல் 1,050 டிகிரி வரையிலான சூட்டில், நேர்மின் பக்கத்துக் குரோமல் கம்பியில் உள்ள குரோமியம் மட்டும் தனியே ஆக்சிஜனோடு சேர்ந்து பச்சை நிறமாகும். கம்பி தரும் மில்லிவோல்ட் குறையும். எண் துளியும் ஆடாது. திரையில் 850 நிற்க, உலை அதற்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் தரக் கே வகைக்கு 850 டிகிரியில் அனுமதிக்கப்பட்ட பிழையே 6 டிகிரிக்குச் சற்று மேல். அதனால் பக்கத்துத் துளை வழியே சரிபார்த்த வேறொரு தெர்மோகப்பிளை அதே ஆழத்துக்கு இறக்கி ஒப்பிட்டு, வித்தியாசம் இரண்டு கருவிகளின் அனுமதியையும் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டினால் உலை ஆறியபின் கம்பியை வெளியே எடுத்து ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்க்கலாம். அலுமல் கம்பி எப்போதும் காந்தத்தில் ஒட்டும், நல்ல குரோமல் ஒட்டாது. குரோமல் பக்கமும் எங்காவது ஒட்டினால் அங்கே குரோமியம் போய்விட்டது. அந்தத் தெர்மோகப்பிளைத்தான் மாற்ற வேண்டும்.