தங்க விலைக்கு ஒரு சமன்பாடு. அதை மதிக்காத 2024

தங்கம் வட்டி தராது. அமெரிக்க அரசின் கடன் பத்திரம் தரும். பணவீக்கத்தைக் கழித்த பிறகும் பத்திரத்தில் நல்ல வட்டி கிடைக்கும்போது தங்கத்தை வைத்திருப்பது நஷ்டக் கணக்கு. அந்த வட்டி பூஜ்யத்துக்குக் கீழே போனால் தங்கம் பளிச்சிடும். இந்தப் 'பணவீக்கம் கழித்த வட்டி'தான் தங்க விலையை விளக்க ஆய்வாளர்கள் முதலில் எடுக்கும் எண். அமெரிக்க மத்திய வங்கியின் தரவுத் தளமான FRED-இல் DFII10 என்று தட்டினால் பத்தாண்டுப் பத்திரத்துக்கான தினசரிக் கணக்கு இலவசமாகக் கிடைக்கும். கூடவே டாலரின் மதிப்பையும் (அங்கேயே DTWEXBGS), நியூயார்க் சந்தையில் ஊக வணிகர்கள் கையில் வைத்திருக்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையையும் சேர்த்து ஒரு ரெக்ரஷன் போடுவது வழக்கம். இந்த மூன்றும் எவ்வளவு மாறினால் தங்க விலை எவ்வளவு மாறும் என்று பழைய தரவிலிருந்து கணக்கிடுவதற்குப் பெயர்தான் ரெக்ரஷன்.

முதலில் வட்டியை மட்டும் வைத்துப் பார்ப்போம். 2018 இறுதியில் அந்த வட்டி சுமார் 1 சதவீதம். ஒரு அவுன்ஸ் தங்கம் சுமார் 1,280 டாலர். 2020 ஆகஸ்டில் வட்டி கிட்டத்தட்ட மைனஸ் 1. தங்கம் ஏறக்குறைய 2,060. வட்டி 2 புள்ளி இறங்க, விலை 780 டாலர் ஏறியிருக்கிறது. அதாவது ஒரு புள்ளிக்கு 390 டாலர். இந்தக் கோட்டை அப்படியே 2023 அக்டோபர் இறுதிக்கு நீட்டுங்கள். அப்போது வட்டி 2.4 சதவீதத்தை ஒட்டி இருந்தது. கோட்டின்படி தங்கம் 730 டாலருக்கு வந்திருக்க வேண்டும். உண்மையில் விற்றது 2,000 டாலரை ஒட்டி.

இரண்டு புள்ளிகளை இணைத்ததால் வந்த கோளாறு என்று நினைக்க வேண்டாம். பத்தாண்டுத் தரவைக் கொட்டினாலும், விலையையும் வட்டியையும் நேரடியாக ஒப்பிடும் வரை இதே ஆபத்து உண்டு. ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும் எந்த இரண்டு எண்களும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாவிட்டாலும், ரெக்ரஷனில் உறவு இருப்பதுபோல் காட்டிவிடும். கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். மாடல் எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் 'ஆர்-ஸ்கொயர்' 0.8, 0.9 என்று பெருமையாக நிற்கும். அதே தாளில் 'டர்பின்-வாட்சன்' என்ற எண் 2-க்கு அருகில் இருப்பதற்குப் பதில் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். பலர் முதல் எண்ணைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வார மாற்றங்களுக்கு மாறினால், அதாவது இந்த வாரம் விலை எத்தனை சதவீதம் மாறியது, வட்டி எத்தனை புள்ளி மாறியது என்று பார்த்தால், ஆர்-ஸ்கொயர் வெகுவாகச் சரியும். சரிந்த அந்த எண்தான் நேர்மையானது.

ஊக வணிகர்களின் கையிருப்பைச் சேர்த்ததும் அது மறுபடி துள்ளிக் குதிக்கும். இங்கேதான் நான் மிகவும் சந்தேகப்படுவேன். அவர்கள் வாங்கியதால் விலை ஏறியதா, விலை ஏறியதால் அவர்கள் வாங்கினார்களா? ஒரே வாரத்து எண்களை வைத்துக்கொண்டு இதைப் பிரிக்க முடியாது. போன வாரக் கையிருப்பு மாற்றத்தைப் போட்டுப் பாருங்கள். விளைவு மறைந்துவிட்டால், விலையின் நிழலைக் கொண்டே விலையை விளக்கியிருக்கிறோம் என்று பொருள். தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க அரசு அமைப்பான சி.எஃப்.டி.சி. இந்தக் கணக்கை வழக்கமாக வெள்ளிக்கிழமை வெளியிடுகிறது. ஆனால் எண்கள் செவ்வாய்க்கிழமை நிலவரம். தங்க விலையையும் செவ்வாய்க்குச் செவ்வாய் எடுக்காவிட்டால் மூன்று நாள் இடறும். கணிப்புக்குப் பயன்படுத்துபவர் செவ்வாயன்றே அந்த எண் தெரிந்ததுபோலக் கணக்குப் போட்டால், பழைய தரவில் லாபம் கொட்டும், நிஜத்தில் கொட்டாது.

இவ்வளவு கவனமாகக் கட்டினாலும் 2024 மாடலைத் தடுமாற வைத்தது. அந்த ஆண்டில் வட்டியும் ஏறியது, டாலரும் ஏறியது. இரண்டுமே தங்கத்தைக் கீழே இழுக்க வேண்டியவை. தங்கமோ ஏறக்குறைய கால் பங்கு ஏறியது. மாடல் சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வாரா வாரம் கூட்டிக்கொண்டே வந்தால் இது முன்பே தெரியும்: சரியான மாடலில் அந்தக் கூட்டுத்தொகை மேலும் கீழும் அலையும், ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால் மாடலில் இல்லாத யாரோ வாங்குகிறார்கள். 2022-இல் ரஷ்யாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு முடக்கப்பட்ட பிறகு, உலக மத்திய வங்கிகள் அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. வட்டி ஏறியதற்காக அவை விற்கவில்லை.

உடனே '2022-க்குப் பின்' என்று ஒரு நான்காவது காரணியைச் செருகி மாடலைப் பொருத்திவிடலாம். அது விளக்கம் ஆகாது. விளங்காத மிச்சத்துக்குப் பெயர் வைப்பதுதான்.

இன்னொன்று, இதெல்லாம் டாலர் விலைக்கு. நம்மூர் பவுன் விலையில் ரூபாயின் மதிப்பும் இறக்குமதி வரியும் கலந்திருக்கின்றன; 2024 ஜூலையில் வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆனபோது, வட்டியையோ டாலரையோ கேட்காமலே இங்கே விலை இறங்கியது. தங்கத்துக்கு மாடல் வைத்திருப்பதாக யாராவது உங்களிடம் வந்தால் ஆர்-ஸ்கொயரைக் கேட்காதீர்கள். 2021 வரையிலான தரவை மட்டும் கொடுத்தால் 2024-க்கு அது என்ன விலை சொல்கிறது என்று கேளுங்கள்.