முதல் பத்து நிமிடம் நேற்றைய பாடத்துக்கு

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பெண் மூன்றாவது முறையாகக் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் சமூக அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் சந்தேகம் கேட்க அவ்வப்போது வருவாள். ஒருநாள் பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"அடிப்படை உரிமையை ஏழு தடவை படிச்சுட்டேன் மாமா. வினாத்தாள்ல பார்த்தா மட்டும் 23-ஆ 24-ஆன்னு குழம்பிடுது."

புத்தகத்தைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு. கோடு போடாத வரியைத்தான் தேட வேண்டியிருந்தது. "சரிம்மா, 16 என்ன சொல்லுது?" என்று கேட்டேன். வாய் திறப்பதற்கு முன்னால் அவள் கை புத்தகத்துக்குப் போனது. சிக்கல் அங்கேதான் இருந்தது. ஏழு தடவையும் அவள் பாடத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூட அதை மனதிலிருந்து வெளியே எடுத்துப் பார்த்ததில்லை.

"டெஸ்ட் எழுதணும்னு எல்லாரும்தான் சொல்றாங்க. எப்ப எழுதறது? போர்ஷனே முடியலையே" என்றாள். நியாயமான கேள்வி. காலை 5.15 முதல் 6.45 வரை ஒன்றரை மணி நேரம், இரவு கடை மூடி வந்தபின் ஒரு மணி நேரம், அவளுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அதனால் தனியாக டெஸ்ட் நாள் வேண்டாம் என்றேன். அந்தக் காலை ஒன்றரை மணி நேரத்திலேயே, புத்தகத்தைத் திறப்பதற்கு முன், முதல் பத்து நிமிடம் நேற்றுப் படித்ததிலிருந்து எட்டுக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில்.

ஏன் முதலில்? கடைசியில் வைத்தால் அது நடக்காது. புதுப்பாடம் எப்போதும் நேரத்தைத் தின்றுவிடும். மிச்சமிருக்கும் ஐந்து நிமிடத்தில் டீ ஆறிப்போயிருக்கும், கடைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். இது வசதியைப் பொறுத்த காரணம். இதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. படித்த சூட்டோடு கேட்டுக்கொண்டால் எல்லாமே தெரிந்தது போல இருக்கும். ஒரு இரவு தூங்கி எழுந்து, புத்தகம் மூடியிருக்கும்போது கேட்டால்தான் எது நின்றது, எது போனது என்பது தெரியும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றி, மற்றொன்று கடல் நீர்நாயைப் பற்றி. ஒன்றை மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். மற்றதைப் பார்க்காமல், நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்து இறுதித் தேர்வு வைத்தபோது, திரும்பப் படித்ததில் 81 சதவீதம் நினைவிருந்தது; எழுதிப் பார்த்ததில் 75. திரும்பப் படிப்பதுதான் ஜெயிக்கிறது! ஆனால் ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தவர்களிடம் கணக்கு தலைகீழானது. எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நின்றது, திரும்பப் படித்ததில் 42 மட்டுமே. அந்த ஐந்து நிமிட வெற்றியை நம்பித்தான் நம் பிள்ளைகள் பக்கம் பக்கமாக மஞ்சள் பூசுகிறார்கள்.

கேள்வியை யார் தயாரிப்பது என்றால், முந்தின நாள் படித்தவரேதான். அதுவும் அன்றைய நேரம் முடிவதற்குள், பாடம் கண்முன் இருக்கும்போதே. ஜெராக்ஸ் கடையில் வீணாகும் தாள்களின் பின்பக்கம் அவளுக்கு இதற்கு வாகாக அமைந்தது. இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் வெற்றிடம். விடை எழுதக் கூடாது. புத்தகத்தின் பக்க எண்ணை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் அவள் படித்தது அரசியலமைப்பின் 14 முதல் 24 வரையான பிரிவுகள். எழுதிய கேள்விகளைப் பார்த்தேன். "தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 17 எதைப் பற்றியது?" என்று ஒன்று. கேள்வியிலேயே விடை உட்கார்ந்திருக்கிறது. நாளைக் காலை இதற்குச் சரி போட்டுக்கொண்டு சந்தோஷப்படலாம், அவ்வளவுதான். "17 எதை ஒழிக்கிறது?" என்று மாற்றினோம். "பிரிவு 16 என்ன?" என்று கேட்டிருந்த இடத்தில், "15-க்கும் 16-க்கும் என்ன வேறுபாடு?" என்று மாற்றினோம். தேர்வில் கால் வாருவது இப்படி அடுத்தடுத்து நிற்கும் இரட்டைகள்தான். "23, 24 இரண்டும் சுரண்டலுக்கு எதிரானவை, எது எதைத் தடுக்கிறது?" என்பது அடுத்தது. "21ஏ எந்தத் திருத்தம், எந்த ஆண்டு, எந்த வயதினருக்கு?" என்பது இன்னொன்று. கடைசியாக நான் ஒன்று சேர்த்தேன்: "14, 15, 16, 19 இந்த நான்கில் குடிமக்கள் அல்லாதவருக்கும் பொருந்துவது எது?"

நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகையில் கேள்வி வேண்டாம் என்றும் சொன்னேன். "தேர்வே அப்படித்தானே மாமா?" என்றாள். தேர்வு அப்படித்தான். ஆனால் ஆப்ஷனைப் பார்த்ததும் "இதை எங்கேயோ பார்த்தேனே" என்று தோன்றுவது வேறு, ஒன்றுமில்லாத தாளில் தானாக எழுதுவது வேறு. இரண்டாவதைச் செய்ய முடிந்தவருக்கு முதலாவது பெரும்பாலும் கூடவே வந்துவிடும். மாதிரி வினாத்தாளை அதற்கென்று ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை 5.15. புத்தகம் அடுத்த அறையில். பேனாவால்தான் எழுத வேண்டும். பென்சில் என்றால் அழித்து நம்மையே ஏமாற்றிக்கொள்வோம். 5.25-க்கு எழுதுவதை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை எடுத்துத் திருத்தினாள். எட்டில் ஐந்து சரி. 15-ஐயும் 16-ஐயும் கலந்துவிட்டாள். மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 15. அரசு வேலையில் சம வாய்ப்பு என்பது 16. 23-ஐயும் 24-ஐயும் இடம் மாற்றிவிட்டாள். மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடுப்பது 23. 14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் ஆபத்தான வேலையிலும் அமர்த்தக் கூடாது என்பது 24. கடைசிக் கேள்விக்கு வெற்றிடம். அதன் விடை 14. சட்டத்தின் முன் சமம் என்பது இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் உண்டு. மற்ற மூன்றும் குடிமக்களுக்கு மட்டும்.

திருத்துவதற்கு எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் தவறிய மூன்றுக்கான பத்திகளை மட்டும் படிக்க வேண்டும். பாடம் முழுவதையும் மறுபடி ஆரம்பிக்கக் கை துறுதுறுக்கும். ஆரம்பித்தால் அன்றைய புதுப்பாடம் போய்விடும். 5.33 முதல் 6.30 வரை புதுப்பாடம்: 25 முதல் 32 வரை. அதில் 32-ஐயும் ஐந்து நீதிப்பேராணைகளையும் அவள் அன்று நிதானமாகப் படித்தாள். அடுத்த பத்து நிமிடம் நாளைக்கான கேள்விகள். கடைசி ஐந்து நிமிடம் காலையில் தவறிய மூன்றையும் தாளைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி கேட்டுக்கொள்வது. அந்த மூன்றும் மறுநாள் தாளிலும் முதலில் வரும். அவற்றோடு புதிதாக ஐந்து கேள்விகள். மொத்தம் எட்டைத் தாண்டாது.

இந்த எட்டு என்ற வரம்பில் நான் கொஞ்சம் கறார். முதல் வாரமே அவள் இருபது கேள்வி எழுத ஆரம்பித்தாள். இருபதுக்கு எழுதித் திருத்தவே முக்கால் மணி நேரம் போனது. மூன்றாம் நாள் புதுப்பாடம் நின்றது, நான்காம் நாள் தாளையே தொடவில்லை. பத்தோடு எட்டு, பதினெட்டு நிமிடம். தொண்ணூறு நிமிடத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் முறையே கவிழ்ந்துவிடும்.

மதிப்பெண்ணையும் கவனிக்க வேண்டும், ஆனால் பெருமைக்காக அல்ல. நான்கு நாள் தொடர்ந்து எட்டுக்கு எட்டு வந்தால் கேள்விகள் சப்பையாக இருக்கின்றன என்று பொருள். ஐந்து, ஆறு, ஏழு என்று வந்துகொண்டிருந்தால் சரியான அளவு. மூன்றுக்குக் கீழே போனால் நேற்று மறதி நடக்கவில்லை, நேற்றுப் பாடமே புரியவில்லை. நீதிப்பேராணை நாளுக்கு மறுநாள் அவளுக்கு எட்டில் இரண்டுதான் வந்தது. தடையுறுத்தும் நீதிப்பேராணையும் ஆவணக் கேட்பு நீதிப்பேராணையும் அவளுக்கு வெறும் சொற்களாகவே இருந்தன. கீழ் நீதிமன்றம் தன் அதிகாரத்தைத் தாண்டி வழக்கை நடத்திக்கொண்டிருக்கும்போதே நிறுத்துவது முதலாவது. தீர்ப்புச் சொன்ன பிறகு ஆவணத்தை வரவழைத்து அதை நீக்குவது இரண்டாவது என்று சொன்னதும்தான் பிடிபட்டது. இப்படிப்பட்ட நாளில் வினாத்தாளை மடித்து வைத்துவிட்டு, அந்த ஒன்றரை மணி நேரத்தையும் நேற்றைய பாடத்துக்கே கொடுத்துவிட வேண்டியதுதான். புரியாததைக் கேட்டுக் கேட்டுப் புரிய வைக்க முடியாது.

அவளுடைய இரவு ஒரு மணி நேரம் கணக்குக்கு. அங்கே எட்டுக் கேள்வி சரிவராது. நேற்றுப் போட்ட தனிவட்டி, கூட்டுவட்டிக் கணக்கில் ஒன்றை எடுத்து, செய்முறையைப் பார்க்காமல் முதல் வரியிலிருந்து போட வேண்டும். ஒன்று போதும். காலைப் பாடத்தை அன்றிரவே கேட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டாள். கேட்கலாம், தவறில்லை. ஆனால் அதைச் செய்துவிட்டு மறுநாள் காலையை விட்டுவிடக் கூடாது. ஊருக்குப் போய் இரண்டு நாள் விட்டுப்போனால், சேர்த்து வைத்து எழுத வேண்டாம். கடைசியாகப் படித்த நாளின் தாள் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மேலே போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை புதுப்பாடம் கிடையாது. வாரத்தின் ஆறு தாள்களிலிருந்தும் கலந்து இருபது கேள்வி. நேற்றைக்கு மட்டும் எழுதிக்கொண்டே போனால் போன வாரத்தது நழுவிவிடும் என்பதால் இது அவசியம். முதல் ஞாயிறு 23-24 மறுபடியும் தவறியது. இரண்டாவது ஞாயிறும் தவறியது. மூன்றாவது ஞாயிறு, எழுதும்போதே, "24 வந்தா 14 வயசு மாமா, நாலுக்கு நாலு" என்று தானே ஒரு பிடி கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஏழு தடவை படித்தபோது தோன்றாத பிடி அது. தவறிய கேள்வியோடு மூன்று வாரம் மல்லுக்கட்டியதில் வந்தது.

நாளைக்குத் தொடங்க நினைப்பவர்கள் இன்றிரவே எட்டுக் கேள்வியை எழுதி மேசைமேல் வைத்துவிட்டு, புத்தகத்தை வேறு அறையில் கொண்டுபோய் வையுங்கள். காலையில் கை அதைத் தேடித்தான் போகும்.