மானியத்தை எடுத்தால் யாருக்கு என்ன மிஞ்சும்?

எரிபொருள் மானியத்தை நீக்கலாமா என்று நிதி அமைச்சகத்துக்கு எழுதப்படும் கொள்கைக் குறிப்பில், எவ்வளவு மிச்சமாகும் என்ற கணக்கு சில வரிகளில் முடிந்துவிடும். விற்கும் விலைக்கும் அடக்க விலைக்கும் உள்ள வித்தியாசத்தை லிட்டரால் பெருக்கினால் போதும். அந்த மானியம் இதுவரை யார் வீட்டுக்குப் போனது, நின்றால் யாருக்கு அடி விழும், அடிபட்டவர் கையில் ஈட்டுத்தொகையை எப்படிச் சேர்ப்பது என்பவையே குறிப்பின் கடினமான பகுதிகள். இவற்றை ஒன்றாகப் பார்க்க ஏற்ற உதாரணம், 2005-இல் இந்தோனேசியா எடுத்த நடவடிக்கை.

அந்த நாடு ஒரு காலத்தில் எண்ணெய் ஏற்றுமதியில் செழித்தது. 2005-க்குள் தன் தேவைக்கே வெளியிலிருந்து வாங்கும் நிலைக்கு வந்துவிட்டது. உள்நாட்டு விலையோ அரசு நிர்ணயித்த இடத்திலேயே நின்றது. அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் உலகச் சந்தையில் ஒரு பீப்பாய் எண்ணெய் 70 டாலரைத் தாண்டியது. ரூபியாவின் மதிப்பும் சரிந்தது. எரிபொருள் மானியத்துக்கு மட்டும் அந்த ஆண்டில் சுமார் 95 லட்சம் கோடி ரூபியா போனது. மார்ச்சில் ஒருமுறை விலையை உயர்த்தியிருந்த யுதோயோனோ அரசு, அக்டோபர் 1 அன்று மறுபடி உயர்த்தியது. பெட்ரோல் லிட்டர் 2,400 ரூபியாவிலிருந்து 4,500 ஆனது. டீசல் 2,100-லிருந்து 4,300-க்கும், மண்ணெண்ணெய் 700-லிருந்து 2,000-க்கும் ஏறின.

மானியத்தின் பெரும்பங்கு வசதியானவர்களுக்கே போகிறது என்பது பொதுவாக உண்மை. பல வளரும் நாடுகளின் கணக்குகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கினர் அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்கினரைவிட ஆறு மடங்கு அதிக எரிபொருள் மானியம் பெறுவதைக் காட்டியது. கார் வைத்திருப்பவர் நிறையப் பெட்ரோல் போடுகிறார் என்பதுதான் காரணம். ஆனால் எல்லா எரிபொருளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பெட்ரோல் மானியம் பணக்காரரின் மானியம் என்றால், அன்றைய இந்தோனேசியாவில் மண்ணெண்ணெய் ஏழை வீட்டு அடுப்பின் எரிபொருள். அதன் விலைதான் கிட்டத்தட்ட மூன்று மடங்கானது. டீசலோ நேராக வீட்டுக்கு வராமல் லாரி வாடகையாகவும் காய்கறி விலையாகவும் வரும்.

மானியத்தால் பிழைத்த இன்னொரு கூட்டம் கலப்படக்காரர்கள். மண்ணெண்ணெய் 700-க்கும் டீசல் 2,100-க்கும் விற்ற இடத்தில் ஒன்றை மற்றதோடு கலந்தாலே லாபம். விலை உயர்வு இந்த இடைவெளியை மூடவில்லை, விரித்தது: 1,400 ரூபியாவாக இருந்த வித்தியாசம் 2,300 ஆனது. எரிபொருள் விலைகளைத் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுத்தால் இந்த ஓட்டை கண்ணில் படாது.

ஈட்டுத்தொகையாக அரசு தேர்ந்தெடுத்தது நேரடிப் பணம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 1,00,000 ரூபியா, அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 10 டாலர். மூன்று மாதத் தொகை மொத்தமாக, அஞ்சலகம் வழியாக. 1998 மே மாதம் விலையை ஏற்றியபோது வெடித்த கலவரமும், அதே மாதம் சுகார்த்தோ பதவி விலகியதும் யாருக்கும் மறந்திருக்கவில்லை. அதனால் முதல் தவணையை விலை உயர்வோடு ஒட்டியே கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் இருந்தது. புள்ளியியல் துறை சில வாரங்களில் ஏழைக் குடும்பங்களின் பட்டியலைத் தயாரித்தது. பெயர் விட்டுப்போனவர்கள் கிராம அலுவலகங்களில் முற்றுகையிட, பட்டியல் நீண்டு கடைசியில் சுமார் 1.9 கோடி குடும்பங்களைத் தொட்டது. நாட்டின் குடும்பங்களில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

அந்தத் தொகை போதுமானதா? வறுமைக்கோடு அப்போது ஆளுக்கு மாதம் சுமார் 1,29,000 ரூபியா. அந்தக் கோட்டில் நிற்கும் நான்கு பேர் குடும்பத்தின் மாதச் செலவு 5,16,000. மாதம் 15 லிட்டர் மண்ணெண்ணெய் எரிப்பதாக வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 1,300 வீதம் கூடுதல் செலவு 19,500. பேருந்துக் கட்டணமும் மற்ற பொருள்களும் ஏறியதால் மொத்தச் செலவில் 6 சதவீதம் கூடியது என்று கொண்டால் இன்னும் சுமார் 31,000. ஆக இழப்பு 50,000-ஐ ஒட்டி வருகிறது. வரவு 1,00,000. காகிதத்தில் அந்தக் குடும்பம் ஆதாயத்தில்தான் இருக்கிறது.

நடந்தது வேறு. 2005 பிப்ரவரியில் 16 சதவீதமாக இருந்த வறுமை, 2006 மார்ச்சில் 17.75 சதவீதமானது. எரிபொருள்தான் காரணம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் உலக வங்கியின் பகுப்பாய்வு அரிசியைக் கைகாட்டியது. அரிசி இறக்குமதிக்கு அரசு தடை போட்டிருந்தது. அந்த ஓராண்டில் அரிசி விலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியது. மேற்சொன்ன குடும்பம் செலவில் கால்பங்கை அரிசிக்குக் கொடுத்தால் மேலும் 43,000 போகும். இழப்பு 93,000-க்கு மேல் எகிறி, ஈட்டுத்தொகையை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லாத அண்டை வீட்டுக்கோ அத்தனையும் இழப்பு. எரிபொருள் விலையை ஏற்றும் ஆண்டில் அரிசியை இறுக்கிப் பிடித்தது அந்தத் திட்டத்தின் பெரிய பிசகு. எரிபொருளை மட்டும் பார்க்கும் குறிப்பில் அது தென்படவே தென்படாது.

பட்டியலுக்கு வெளியே நின்றவர்களே உண்மையில் தோற்றவர்கள். வறுமைக்கோட்டுக்குச் சற்று மேலே இருந்த கூலிக்காரர், சிற்றுந்து ஓட்டுநர், டீசல் படகு வைத்திருந்த மீனவர் போன்றோர். ஓட்டுநர் கட்டணத்தை ஏற்றினால் பயணி குறைவார், ஏற்றாவிட்டால் டீசலுக்கே வருமானம் போய்விடும். அந்த ஆண்டின் பணவீக்கம் 17 சதவீதத்தைத் தாண்டியது. மத்திய வங்கி வட்டியை 12.75 சதவீதத்துக்கு உயர்த்தியது. கடன் வாங்கித் தொழில் செய்தவருக்கு இது இரண்டாவது அடி. பணத் திட்டம் ஓராண்டோடு நின்றது, விலை இறங்கவில்லை. மிச்சமான பணத்தில் ஒரு பகுதி பள்ளிகளுக்கும் ஏழைகளின் மருத்துவத்துக்கும் கிராமச் சாலைகளுக்கும் போனது. அதன் பலன் நெடுநாள் தெரியும் என்றாலும் அந்த மாத அடுப்பை அது எரிக்காது.

அடுப்புக்கான விடை 2007-இல் வந்தது. 3 கிலோ எரிவாயு சிலிண்டரும் அடுப்பும் குழாயும் ரெகுலேட்டரும் இலவசமாகக் கொடுத்து, சில ஆண்டுகளில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை அரசு மண்ணெண்ணெயிலிருந்து மாற்றியது. மானியம் மறையவில்லை, மலிவான எரிபொருளுக்கு இடம் மாறியது. இந்த மாற்றம் விலை உயர்வுக்கு முன்பே தொடங்கியிருந்தால் 2005-இன் அடி குறைந்திருக்கும்.

பெட்ரோல் மானியம் 2015 ஜனவரி 1 அன்று நீக்கப்பட்டது. டீசலுக்கு லிட்டருக்கு 1,000 ரூபியா என்ற நிலையான மானியம் மட்டும் மிஞ்சியது. உலக விலை சரிந்துகொண்டிருந்ததால் யாருக்கும் வலிக்கவில்லை. இந்தியா 2014 அக்டோபரில் டீசல் விலையைச் சந்தைக்கு விட்டதும் இதே வாய்ப்பில்தான். ஆனால் உலக விலையோடு உள்நாட்டு விலையும் தானாக ஏறி இறங்கும் ஏற்பாட்டை இந்தோனேசிய அரசு தொடர்ந்து கடைப்பிடிக்கவில்லை. எண்ணெய் மறுபடி ஏறியபோது விலையைப் பிடித்துவைத்தது, மானியம் திரும்ப வளர்ந்தது. 2022 செப்டம்பர் 3 அன்று, பரவலாக விற்கும் பெர்டலைட் பெட்ரோலின் விலையை 7,650-லிருந்து 10,000 ரூபியாவாக உயர்த்த வேண்டி வந்தது. அப்போதும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு மாதம் 1,50,000 ரூபியா வீதம் நான்கு மாதங்களுக்கு ஈட்டுத்தொகை அறிவிக்கப்பட்டது.