எழுவாயைத் தேடும் தொடர்கள்

ஆங்கில வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘இங்’ விகுதி கொண்ட ஒரு தொடர் வந்தால், அந்தச் செயலைச் செய்தவர் யார் என்பதைக் காற்புள்ளிக்குப் பின் வரும் எழுவாய் சொல்ல வேண்டும். அங்கே வேறொன்று எழுவாயாக நின்றால், தொடர் பிடிமானமில்லாமல் தொங்கும். இதற்கு டேங்லிங் மாடிஃபையர் என்று பெயர்.

ஒரு வங்கிக் கடிதத்தில் இப்படி எழுதப்படுவதாகக் கொள்வோம்: “ஹாவிங் எக்ஸாமின்ட் த அப்ளிகேஷன், த லோன் வாஸ் அப்ரூவ்டு.” விண்ணப்பத்தைப் பரிசீலித்தது யார்? இலக்கணப்படி, கடன்தான்! “விண்ணப்பத்தைப் பரிசீலித்துக் கடன் வழங்கப்பட்டது” என்று தமிழில் எழுதினால் யாருக்கும் உறுத்தாது. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதுபவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படுவதில்லை. செயப்பாட்டு வினை மிகுந்த அலுவலகக் கடிதங்களில் இது அதிகம் வருவதற்கும் காரணம் உண்டு. செயப்பாட்டு வினையில் செய்தவர் மறைந்துவிட, செய்யப்பட்ட பொருள் எழுவாயின் இடத்துக்கு வந்துவிடுகிறது.

கண்டுபிடிக்கும் வழி எளியது. காற்புள்ளிக்குப் பின் வரும் எழுவாயை எடுத்து, முதல் தொடரின் வினையை அது செய்ததா என்று கேட்க வேண்டும். இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. “ஹாவிங் எக்ஸாமின்ட் த அப்ளிகேஷன், த மேனேஜர்ஸ் டிசிஷன் வாஸ் குவிக்” என்பதில் மேலாளர் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் எழுவாய் அவரல்ல, அவருடைய முடிவு. இதுவும் பிழையே.

தொடரை வாக்கியத்தின் இறுதிக்குத் தள்ளினால் பிழை தீராது; செய்தவர் அப்போதும் வாக்கியத்தில் இல்லை. அவரை எழுவாயாக்கி, “ஹாவிங் எக்ஸாமின்ட் த அப்ளிகேஷன், த மேனேஜர் அப்ரூவ்டு த லோன்” என்று எழுதலாம். அல்லது முதல் தொடருக்கே ஓர் எழுவாய் தந்து, “ஆஃப்டர் த மேனேஜர் எக்ஸாமின்ட் த அப்ளிகேஷன், த லோன் வாஸ் அப்ரூவ்டு” என்று விரிக்கலாம். கடனைப் பற்றியே பேச வேண்டிய கடிதத்துக்கு இரண்டாவதே பொருத்தம்.

இடம் மாறிய தொடர் இதிலிருந்து வேறுபட்டது. அதற்குரிய சொல் வாக்கியத்திலேயே இருக்கும், ஆனால் தள்ளி நிற்கும். “ஷி சர்வ்டு இட்லிஸ் டு த கெஸ்ட்ஸ் ஆன் பேப்பர் பிளேட்ஸ்” என்றால் விருந்தினர்கள் காகிதத் தட்டின்மேல் அமர்ந்திருப்பதாகப் பொருள்படும். ‘ஆன் பேப்பர் பிளேட்ஸ்’ என்பதை ‘இட்லிஸ்’ என்ற சொல்லை ஒட்டி வைத்தால் போதும். இங்கே இடமாற்றமே மருந்து.

தொங்கும் தொடர்கள் எல்லாமே பிழையல்ல. ‘கன்சிடரிங்’, ‘ஜெனரலி ஸ்பீக்கிங்’ போன்றவை வழக்கில் நிலைத்துவிட்டதால் எழுவாயைத் தேடுவதில்லை. “த வெதர் பீயிங் ஃபைன், வி வென்ட் அவுட்” என்பதும் சரியே. அதன் முதல் தொடரில் ‘வெதர்’ என்ற சொந்த எழுவாய் இருக்கிறது.